யென்னில் கடன், மாட்டுங்காவில் எஃப்டி: கணக்கு எங்கே தப்புகிறது

2024 ஜூலை இரண்டாவது வாரம். மும்பை கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர். டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, இங்கே 2 சதவீத வட்டிக்குக் கடன் தருகிறார்கள். 50 லட்சம் யென் வாங்கி மாட்டுங்கா கிளையில் என்ஆர்இ எஃப்டி போட்டால் 7 சதவீதம். சும்மா உட்கார்ந்தே 5 சதவீதம்!"

இதற்குப் பெயர்தான் கேரி டிரேட். வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி கூடிய நாணயத்தில் போடுவது. பெரிய ஃபண்டுகள் செய்வதும் இதைத்தான். நான் பல வருடம் அந்நியச் செலாவணி டெஸ்கில் உட்கார்ந்தவன், அதனால் பேப்பரை எடுத்தேன்.

அன்று 100 யென் சுமார் 52 ரூபாய். 50 லட்சம் யென் என்றால் 26 லட்சம் ரூபாய். ஒரு வருடத்தில் எஃப்டி 27.82 லட்சமாகும். திருப்ப வேண்டியது வட்டியோடு 51 லட்சம் யென். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது: வட்டியை வட்டியோடு மட்டும் கழித்துப் பார்த்துவிட்டு, எந்த விலையில் யென்னைத் திரும்ப வாங்கப் போகிறோம் என்பதை விட்டுவிடுகிறார்கள். 27.82-ஐ 51-ஆல் வகுத்தால், 100 யென் 54 ரூபாய் 55 பைசா. யென் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் வருடம் முழுக்கக் காத்த லாபம் பூஜ்யம். அதாவது 5 சதவீதம்கூட ஏற வேண்டாம்.

"யென் மூன்று வருடமாக விழுந்துகொண்டேதானே இருக்கிறது?" என்றான். இது அடுத்த தவறு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 103 யென். 2024 ஜூலையில் 161. கடன் வாங்கியவர்களுக்கு வட்டி லாபத்தோடு நாணய லாபமும் கிடைத்தது. ஆனால் அந்த வீழ்ச்சியில் அவர்கள் பங்கும் உண்டு. யென்னில் கடன் வாங்கியவன் அதை விற்றுத்தான் டாலரோ ரூபாயோ வாங்குகிறான். எத்தனை பேர் விற்றிருக்கிறார்களோ, அத்தனை பேரும் ஒருநாள் திரும்ப வாங்கியே ஆக வேண்டும்.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. உயர்வு சின்னதுதான். ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலைவாய்ப்பு எண்கள் மோசமாக வந்தன. அங்கே வட்டி குறையும் என்ற பேச்சு கிளம்பியது. இரண்டு பக்கமும் இடைவெளி சுருங்குகிறது என்றதும் சிலர் யென்னை வாங்கினார்கள். அதனால் யென் ஏறியது. ஏறியதும், பத்து மடங்கு கடனில் நின்றவர்களுக்கு, உடனே இன்னும் பணம் கட்டச் சொல்லி மார்ஜின் கால் போனது. அவர்களும் வாங்க, இன்னும் ஏறியது. ஆகஸ்ட் 5 திங்கட்கிழமை ஒரு டாலர் 142 யென் வரை வந்தது. நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இங்கே சென்செக்ஸ் 2,200 புள்ளி. கடனை அடைக்க விற்க நினைத்த பங்குகளும் அதே நாளில் விழுந்தன என்பதுதான் கொடுமை.

"யென் ஆட ஆரம்பித்தால் வெளியே வந்துவிடலாம்" என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. மருமகன் போட்ட கணக்கில், அன்று 100 யென் 59 ரூபாயைத் தொட்டது. கடன் 29.5 லட்சம் ரூபாயாகிவிட்டது. நான்கு வாரத்தில் மூன்றரை லட்சம் நஷ்டம். கிட்டத்தட்ட மூன்று வருட லாபம். எஃப்டியை உடைக்கலாமா? என்ஆர்இ டெபாசிட்டை ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது.

சரி, ஃபார்வர்டு போட்டு விலையை முன்பே கட்டிவிட்டால்? பாவம், அங்கேயும் ஒன்றும் மிஞ்சாது. ஃபார்வர்டு விலையே இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. அப்போதைய நிலவரத்தில் ஒரு வருட விலை 100 யென்னுக்கு 55 ரூபாய்க்கு மேல்தான் வந்திருக்கும். அவனுடைய எல்லை 54.55. பாதுகாப்போடு செய்தால் நிச்சய நஷ்டம். ஆக, அந்த 5 சதவீதம் இலவசமாக வருவதல்ல, யென் ஏறாது என்று பந்தயம் கட்டுவதற்கான கூலி.

பொறுத்திருந்தால் சரியாகியிருக்குமே என்பார்கள். 2025 ஜனவரியில் யென் மறுபடி டாலருக்கு 158 வரை இறங்கியது உண்மை. ஆனால் அதற்குள் நம் ரூபாயும் 83.5-லிருந்து 86 வரை போயிருந்தது. அதனால் 100 யென் 54 ரூபாயில்தான் நின்றது, 52-க்கு வரவில்லை. இதில் யென் ஒரு கால், ரூபாய் இன்னொரு கால்.

அவன் கடைசியாகச் சொன்னது நியாயமான வாதம்: "எனக்குச் சம்பளம் யென்னில்தானே மாமா?" ஆமாம், அதனால் தவணை தவறாது; யாரும் மார்ஜின் கேட்டு மிரட்ட மாட்டார்கள். ஆனால் ஆகஸ்ட் 5 அன்று அந்த 26 லட்சம் ரூபாயை யென்னாக மாற்றினால் 44 லட்சம்தான் வரும். மீதி ஆறு லட்சம் யென் அவன் சம்பளத்திலிருந்து போகும்.

நல்லவேளை, அந்த வங்கி கேட்ட காகிதங்களைச் சேர்க்கவே அவனுக்கு ஜூலை முழுக்கப் போய்விட்டது.