பித்தவெடிப்பு க்ரீம்: எதை, எப்போது தடவக் கூடாது

பித்தவெடிப்புக்கு மருந்துக்கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றே பொருள்களைச் சுற்றி வருகின்றன: யூரியா, சாலிசிலிக் அமிலம், பெட்ரோலியம் ஜெல்லி. மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நினைப்பதுதான் முதல் தவறு. இவை செய்யும் வேலை வேறு வேறு. பெட்ரோலியம் ஜெல்லி தோலில் இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் மூடி வைக்கும். தானாக ஈரம் தராது. சாலிசிலிக் அமிலம் இறந்த செல்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி உரிக்கும், ஈரப்படுத்தாது. யூரியா நம் தோலிலேயே இயல்பாக இருக்கும் பொருள். க்ரீமில் அது 10 சதவீதம் வரை இருந்தால் தோலில் நீரைப் பிடித்து வைக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கவும் செய்யும்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால் குதிகால் ஓரம் எளிதில் வறண்டு, அழுத்தத்தால் தடித்து, மஞ்சளாக இறுகிவிடும். நிற்கும்போது குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் விரியும். இறுகிய தோலால் கூடவே விரிய முடியாது, பிளக்கிறது. ஆகவே வெடிப்பை மட்டும் பார்த்து மருந்து போட்டால் போதாது, அதைச் சுற்றியுள்ள தடிப்பையும் குறைக்க வேண்டும்.

ஒரு குதிகாலை எடுத்துக்கொள்வோம். ஓரம் முழுக்கத் தடிப்பு, நாலைந்து வெடிப்புகள், அதில் ஒன்று ஆழமாகப் பிளந்து ரத்தம் கசிகிறது. இந்த நிலையில் பலர் கடையிலேயே ‘வீரியமான’ க்ரீமைக் கேட்டு வாங்கி அந்தப் பிளவுக்குள்ளேயே தேய்க்கிறார்கள். சுரீரென்று எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றும் நம்புகிறார்கள். உண்மையில் திறந்த புண்ணில் அமிலமோ அதிக யூரியாவோ பட்டதன் எரிச்சல் அது. புண் ஆறுவது தாமதமாகும்.

அந்தக் காலுக்கு முதலில் தேவை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும்தான். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் தடவி, ரத்தம் கசியும் வெடிப்பின் மேல் சுத்தமான கட்டுப் போட்டு, பருத்திக் காலுறை அணிந்து தூங்க வேண்டும். காய்ந்த காலில் தடவுவது இங்கே நடக்கும் பெரிய பிழை. மூடிவைக்க ஈரம் குறைவாக இருக்கும் இடத்தில் ஜெல்லியால் கிடைக்கும் பலனும் குறைவு.

பிளவு மூடி வலி நின்ற பிறகு யூரியாவின் முறை. 20 முதல் 25 சதவீத க்ரீமை இரவில் தடிப்பின் மேல் தடவி, அது உறிஞ்சப்பட்டதும் மேலே மெல்லிதாக ஜெல்லி பூசலாம். வரிசையை மாற்றி ஜெல்லியை முதலில் பூசினால் யூரியா தோலுக்குள் இறங்கத் தடையாகும். சில வாரங்களில் தடிப்பு இளகும். அதோடு நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு வெடிப்பு மறுபடி வருகிறது. அழுத்தம் அப்படியே இருப்பதால் தடிப்பு திரும்பவும் சேரும். 10 சதவீத யூரியாவுக்கு இறங்கி, வாரத்தில் சில இரவுகளாவது தொடர வேண்டும்.

சாலிசிலிக் அமிலம் எனக்குக் கடைசித் தேர்வு. யூரியாவுக்கும் அசையாமல் அங்கங்கே கெட்டியாக நிற்கும் திட்டுகளில் மட்டும், சுற்றியுள்ள நல்ல தோலில் படாமல் தடவினால் போதும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் அது அதிகமாக உள்ளே இறங்கி நல்ல தோலையும் அரிக்கும். வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். சில களிம்புகளில் சாலிசிலிக் அமிலத்தோடு குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அவை சொரியாசிஸ், எக்ஸிமா போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித்தருபவை. வெறும் பித்தவெடிப்புக்குத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பூஞ்சைத் தொற்று இருந்தால் மறைந்தபடியே பரவும்.

சர்க்கரை நோய், பாத மரமரப்பு, ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்கள் சாலிசிலிக் அமிலத்தையோ பிளேடால் சீவுவதையோ தாங்களாக முயலவே கூடாது. புண் ஏற்பட்டதே உணர்வில் தெரியாமல் போகலாம். அவர்கள் விரல் இடுக்குகளில் எந்தக் க்ரீமும் பூசாமல் இருப்பது நல்லது. அங்கே ஈரம் தேங்கினால் தோல் ஊறிப் பிய்ந்துபோகும். சீழ், சிவப்பு, வீக்கம் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒழுங்காகத் தடவியும் மாதம் ஆகியும் மாறவில்லை என்றால் குதிகாலை விட்டுவிட்டு முழுப் பாதத்தையும் பாருங்கள். உள்ளங்கால் முழுக்க மாவு தூவியதுபோல் செதில், விரல் இடுக்கில் அரிப்பு, நகம் மஞ்சளாகத் தடிப்பது இவை இருந்தால் அது பூஞ்சையாக இருக்கக்கூடும். யூரியா, சாலிசிலிக் அமிலம், ஜெல்லி மூன்றில் எதுவும் அதைக் குணப்படுத்தாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்து, பூஞ்சை மருந்து போட வேண்டும்.