மூலம் தெரியாமலேயே மூலத்தின் வர்க்கத்துக்குச் சமன்பாடு எழுதுவது எப்படி?

படிவம் 4 அடிஷனல் மேத்ஸில் இந்தக் கேள்வி இருபடிச் சமன்பாட்டோடு வரும். α, β மூலங்கள் என்றால் 1/α, 1/β அல்லது α², β² மூலங்களாக அமையும் சமன்பாட்டை எழுதச் சொல்வார்கள். கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் தெரிந்தால் போதும், நாலு வரியில் முடிந்துவிடும். பெஸ்தாரி ஜெயாவில் மாலை வகுப்புக்கு என்னிடம் வரும் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் இதில் திணறிப் பார்த்ததில்லை.

படிவம் 6க்குப் போய் x³ வந்ததும் கதை மாறுகிறது. மூன்று மூலங்கள் இருக்கும்போது α²β² + β²γ² + γ²α² என்பதை விரித்து எழுதவே அரைப்பக்கம் போய்விடும், நடுவில் ஒரு குறி மாறினால் எல்லாம் போச்சு. அதனால் முப்படி என்றாலே நான் பிரதியிடும் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பதிவும் அதைப் பற்றியதே. மூலம் என்றால் என்ன, கெழு என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தலைகீழ்

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். கணக்கு இது:

```
x³ − 2x − 5 = 0
```

புதிய மூலம் y = 1/x. அப்படியானால் x = 1/y. பழைய சமன்பாட்டில் x இருக்கும் இடத்திலெல்லாம் 1/y போட்டு, முழுவதையும் y³ ஆல் பெருக்குங்கள்:

```
1/y³ − 2/y − 5 = 0
1 − 2y² − 5y³ = 0
5y³ + 2y² − 1 = 0
```

உற்றுப் பார்த்தால் கெழுக்கள் பின்னாலிருந்து முன்னால் திரும்பியிருப்பது தெரியும். ஆகவே, பிரதியிடாமல் கெழுக்களைத் திருப்பி எழுதினாலே விடை வந்துவிடும். ஆனால் நேராகத் திருப்பப் போகிறீர்கள் என்றால், இல்லாத உறுப்புக்கும் 0 போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே x² இல்லை. கெழுக்கள் 1, 0, −2, −5. திருப்பினால் −5, −2, 0, 1. அந்த 0-வை விட்டுவிட்டு 1, −2, −5 என்று திருப்பினால், −2 போய் y²-க்குப் பக்கத்தில் நிற்பதா y-க்குப் பக்கத்தில் நிற்பதா என்றே தெரியாது. பலரும் y பக்கம் வைத்துவிடுகிறார்கள்.

இப்போது வர்க்கம்

பதிவு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மூலங்கள் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம், சரிபார்க்க வசதியாக இருக்கும்:

```
x³ − 4x² + x + 6 = 0
```

இதன் மூலங்கள் −1, 2, 3. நமக்கு வேண்டியது 1, 4, 9 மூலங்களாக உள்ள சமன்பாடு. மூலங்களைத் தெரியாதது போலவே செய்து பார்ப்போம்.

y = x². உடனே x = √y என்று போட்டுவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். −1 என்ற மூலத்துக்கு x என்பது √y இல்லை, −√y. எந்த மூலத்துக்கு எந்தக் குறி என்று நமக்குத் தெரியாத நிலையில் √ குறியை உள்ளே கொண்டுவருவது வீண் தலைவலி. x-ஐ x-ஆகவே விட்டுவிட்டு, x² கண்ணில் படும் இடத்தில் மட்டும் y போடுங்கள்.

அடுத்தது பிரிப்பது. x-இன் ஒற்றைப்படை அடுக்குகள் ஒரு பக்கம், இரட்டைப்படை அடுக்குகளும் மாறிலியும் மறுபக்கம். நான் பிள்ளைகளிடம் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒற்றைப்படைக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம். கால்குலேட்டரை இந்தக் கட்டத்தில் எடுக்கவே வேண்டாம்.

```
x³ + x = 4x² − 6
x(x² + 1) = 4x² − 6
x(y + 1) = 4y − 6
```

இடது பக்கம் x ஒரே ஒரு தடவை, வெளியே காரணியாக நிற்கிறது. வலது பக்கம் x-ஏ இல்லை. இப்போது இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் அந்த x, x² ஆகி, y ஆகிவிடும்:

```
y(y + 1)² = (4y − 6)²
y³ + 2y² + y = 16y² − 48y + 36
y³ − 14y² + 49y − 36 = 0
```

(y − 1)(y − 4)(y − 9) என்பதை விரித்துப் பாருங்கள், இதேதான் வரும்.

பிரிக்காமல் வர்க்கப்படுத்தினால் என்ன ஆகும்? x³ = 4x² − x − 6 என்று எழுதிவிட்டு வர்க்கப்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கம் (4y − x − 6)². அதை விரித்தால் −8xy, +12x என்று x மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். வர்க்கப்படுத்திய பிறகும் வெறும் x மிச்சம் இருக்கிறது என்றால், பிரித்ததில் பிழை என்று அர்த்தம். மேலே போகாமல் திரும்பி வாருங்கள்.

இன்னொரு பிழை இதைவிட மோசமானது, ஏனென்றால் அதில் x மிச்சம் இருக்காது, பார்க்கச் சரியாகவே தெரியும். போன மாதம் ஒரு பிள்ளையின் நோட்டில் இப்படி இருந்தது:

```
y³ + 16y² + y + 36 = 0
```

ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டியிருக்கிறாள். x³ க்கு y³, 4x² க்கு 16y², x க்கு y, 6 க்கு 36. "எல்லாத்தையும்தானே டீச்சர் ஸ்குவேர் பண்ணணும்?" என்று கேட்டாள். "சரி, இதில் 1-ஐப் போட்டுப் பாரும்மா" என்றேன். 54 வந்தது. 4, 9 எல்லாம் போடவே வேண்டியதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்: எல்லாக் கெழுக்களும் நேர்குறி, y-ம் நேர்குறி என்றால் கூட்டுத்தொகை எப்படி 0 ஆகும்? பழைய மூலங்கள் மூன்றும் மெய்யெண்கள் என்று தெரிந்து, புதிய சமன்பாட்டில் எல்லாக் குறிகளும் + என்று வந்தால், கணக்கு தப்பு. மெய்யெண்ணின் வர்க்கம் எதிர்குறி ஆகாது.

சரிபார்ப்பது

மூலங்கள் தெரியாத கணக்கில் 1-ஐப் போட்டுப் பார்க்க முடியாது. அங்கே இரண்டு சோதனை போதும். பழைய கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து இரண்டிரண்டாகப் பெருக்கிய கூட்டுத்தொகையின் இரு மடங்கைக் கழித்தால், புதிய கூட்டுத்தொகை வரவேண்டும். நம் கணக்கில் 4² − 2(1) = 14. சரி. அப்புறம் பெருக்குத்தொகை: பழையது −6, அதன் வர்க்கம் 36. அதுவும் சரி. y உறுப்பை இந்த இரண்டும் சோதிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது மேலே பார்த்த x³ − 2x − 5 = 0 க்கே வர்க்கம் போடுவோம்:

```
x(y − 2) = 5
y(y − 2)² = 25
y³ − 4y² + 4y − 25 = 0
```

கூட்டுத்தொகை 4. சோதனை: 0² − 2(−2) = 4. சரியாக இருக்கிறது. ஆனால் இதன் ஒரு மூலம் x ≈ 2.0946, அதன் வர்க்கமே ஏறக்குறைய 4.387. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4 என்னும்போது, ஒன்று மட்டும் 4.387 எப்படி இருக்க முடியும்?

கணக்கில் பிழை இல்லை. மற்ற இரண்டு வர்க்கங்களும் சேர்ந்து −0.387 ஆகவேண்டும், மெய்யெண்களால் அது முடியாது. எனவே மற்ற இரண்டு மூலங்களும் கலப்பெண்கள். Casio fx-570MS இருந்தால் EQN-இல் மூன்றாம் படியைத் தேர்ந்தெடுத்து 1, 0, −2, −5 போட்டுப் பாருங்கள், திரையின் மூலையில் R⇔I என்று வரும்போது தெரிந்துவிடும். கால்குலேட்டரை நான் கையில் எடுப்பது இந்த இடத்தில்தான், விடை எழுதி முடித்த பிறகு. வர்க்கங்களின் கூட்டுத்தொகை எதிர்குறியாக வந்தால் கால்குலேட்டர்கூட வேண்டாம், கலப்பெண் மூலம் நிச்சயம் உண்டு. நேர்குறியாக வந்ததால் மட்டும் எல்லாம் மெய்யெண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, இந்தக் கணக்கே அதற்குச் சாட்சி.

இதை ஒரு தடவையோடு நிறுத்தாமல் தொடர்ந்து செய்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். நல்ல யோசனை. y³ − 14y² + 49y − 36 = 0 ஐ மறுபடி இதே மாதிரி செய்தால் z³ − 98z² + 1393z − 1296 = 0 வரும். இதன் மூலங்கள் 1, 16, 81. பெரிய மூலம் மற்றவற்றை விட்டு விலகி ஓடுகிறது, அதனால் கூட்டுத்தொகையில் பெரும்பகுதி அது ஒன்றே ஆகிவிடும். முதல் தடவை √14 ≈ 3.742, இரண்டாம் தடவை 98-இன் நான்காம் மூலம் ≈ 3.146, மூன்றாம் தடவை கூட்டுத்தொகை 98² − 2(1393) = 6818, அதன் எட்டாம் மூலம் ≈ 3.014. பெரிய மூலமான 3-ஐ நோக்கி இறங்கி வருவதைப் பாருங்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் மூலங்களை இப்படியும் நெருங்கினார்கள். டாண்டலின், லோபசெவ்ஸ்கி, கிராஃபே மூவரும் 19ஆம் நூற்றாண்டில் தனித்தனியாகக் கண்டது, இன்று கிராஃபே முறை என்றே அதிகம் அழைக்கப்படுகிறது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"வர்க்கப்படுத்தினால் இல்லாத மூலமும் வந்து சேருமே, இங்கே சேராதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சேராது. பழைய கோவை P(x) என்றால், நாம் செய்தது P(x)-ஐயும் P(−x)-ஐயும் பெருக்கியதுதான். அதன் மூலங்கள் α, −α என்று ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டுக்கும் வர்க்கம் ஒன்றே. ஆகவே y-இல் பார்க்கும்போது ஒவ்வொரு α² உம் ஒரு தடவைதான் வரும், படியும் மாறாது.

இதுவே இன்னொருவர் மாட்டிக்கொண்ட இடத்துக்கும் பதில். x⁴ − 5x² + 4 = 0 என்பதில் ஒற்றைப்படை அடுக்கே இல்லை. அவர் y² − 5y + 4 = 0 என்று நிறுத்திவிட்டார். மூலங்கள் 1, −1, 2, −2 என நான்கு. வர்க்கங்கள் 1, 1, 4, 4. எனவே நான்காம் படிச் சமன்பாடு வேண்டும்: ஒற்றைப்படைப் பக்கம் 0 என்று எழுதி, வழக்கம்போல வர்க்கப்படுத்துங்கள்.

```
(y² − 5y + 4)² = 0
```

மாறிலி இல்லாத கணக்கில் தலைகீழ் கேட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்கள். x³ − 5x² + 6x = 0 இல் ஒரு மூலம் 0. 0-க்குத் தலைகீழ் கிடையாது. கெழுக்களைத் திருப்பினால் முதல் கெழு 0 ஆகி, 6y² − 5y + 1 = 0 என்று இருபடிதான் மிஞ்சும். அது 2, 3 ஆகிய இரண்டின் தலைகீழுக்கு மட்டும் உரியது, விடைத்தாளில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வர்க்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, 0-இன் வர்க்கம் 0 என்று அது பாட்டுக்கு வந்துவிடும்.