டீ போடும்போதே இந்தி பேசிப் பழகலாம்

பேசிப் பழக ஆள் இல்லையா? அடுப்படியில் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான் இந்தி பழகியது இப்படித்தான். மனசுக்குள் சொன்னால் போதாது, வாய் அசைய வேண்டும்.

ஒரே வேலையை மூன்று காலத்திலும் சொல்வதுதான் முக்கியம். டீ போடும் முன் "சாய் பனாவூங்கா", போடும்போது "சாய் பனா ரஹா ஹூன்" (பெண்கள் "பனாவூங்கீ", "ரஹீ ஹூன்"), முடித்ததும் "மைனே சாய் பனாயீ". நாம் தடுக்கி விழுவது இந்தக் கடைசியில்தான். தமிழில் வினை "நான்" என்பதைப் பார்த்து மாறும். இங்கே டீயைப் பார்த்து மாறுகிறது. சாய் பெண்பால், அதனால் பனாயீ. பால் காய்ச்சினால் "மைனே தூத் உபாலா", ஏனென்றால் தூத் ஆண்பால். நான் ரொம்ப நாள் "சாய் பனாயா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்த ஆள் இல்லையே.

அதனால் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து கேளுங்கள். சந்தேகமான சொல் ஆண்பாலா பெண்பாலா என்று அகராதியில் பாருங்கள். வடிகட்டி மாதிரி சொல் வராத இடத்தில் நிற்காமல் தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் தேடி மறுநாள் டீயில் சேர்த்துக்கொள்ளுங்கள்.