ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுதும் முதல் கடிதம்: "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்" என்று எழுதாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி ஜூன் மாதம் என்னைப் பார்க்க வந்தாள். எக்ஸ்சேஞ்ச் மாணவியாகத் தேர்வாகி, பத்து மாதம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறாள். குடும்பம் முடிவாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். காட்பாடியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கும் நான், சில வருடங்களாக இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்துப் பார்த்துக் கொடுக்கிறேன்.

அவள் ஆங்கிலத்தில் எழுதி வந்ததன் சாரம் இது: "மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர். தங்கள் இல்லத்தில் தங்க அனுமதித்தமைக்கு மிக்க நன்றி. நான் எந்தத் தொந்தரவும் தர மாட்டேன். எது கொடுத்தாலும் சாப்பிடுவேன். எல்லாவற்றுக்கும் அட்ஜஸ்ட் செய்துகொள்வேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் தலைமை ஆசிரியருக்கு எழுதும் லீவ் லெட்டர் போல இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய ஒரே கடிதம் அதுதான் என்பதால் அந்த நடை தானாக வந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு இவளிடமிருந்து கீழ்ப்படிதல் தேவையில்லை. அமெரிக்காவில் பள்ளி எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்பவர்களுக்குச் சம்பளமோ வாடகையோ கிடையாது. விருப்பப்பட்டு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிறார்கள். வரப்போவது எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரிந்துகொள்ளவே கடிதத்தைப் பிரிக்கிறார்கள். தங்கள் கடிதத்தில் கணவனும் மனைவியும் பெயர் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தால், நீங்களும் அந்தப் பெயர்களைப் போட்டே தொடங்கலாம். பெரியவர்களைப் பெயர் சொல்லி எழுதக் கை கூசும்தான். ஆனால் அங்கே 'ஐயா, அம்மையீர்' என்பது மரியாதையாக அல்ல, தூரமாகவே படும்.

விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தையே மறுபடி அனுப்புவதும் உண்டு. அது முகம் தெரியாத பல குடும்பங்களின் பார்வைக்குப் போகும் கடிதம். அதனால் அதில் முகவரி, தொலைபேசி எண் எதுவும் இருக்காது. இப்போது எழுதுவது ஒரே ஒரு வீட்டுக்கு. அவர்கள் அனுப்பிய குறிப்பை நீங்கள் படித்தீர்கள் என்பது இதில் தெரிய வேண்டும்.

இனி அந்த "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்". நான் பார்த்த கடிதங்களில் அதிகச் சங்கடத்தைக் கொண்டுவந்தது இந்த வரிதான். நல்ல எண்ணத்தில் எழுதுவதால் யாரும் இதைத் தவறாகவே நினைப்பதில்லை.

"மாட்டுக்கறி சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்ல டீச்சர்."

"புரட்டாசியில?"

"வீட்ல யாரும் கவிச்சி தொட மாட்டோம். கிருத்திகைக்கும் சாப்பிட மாட்டோம்."

அப்படியானால் கடிதத்தில் இருப்பது உண்மை இல்லை. இவள் ஆகஸ்ட் தொடக்கத்தில் போய் இறங்குகிறாள். முதல் வாரமே வீட்டுத் தோட்டத்தில் அடுப்பு மூட்டி ஹாம்பர்கர் சுடுவார்கள். அது மாட்டுக்கறி. ஹாட் டாக் பெரும்பாலும் மாட்டுக்கறி, அல்லது கலப்பு. பீட்சா மேல் வட்டமாக இருக்கும் பெப்பரோனி பெரும்பாலும் பன்றியும் மாடும் சேர்ந்தது. அவர்கள் இவளுக்காகவே ஆசையாகச் செய்து தட்டில் வைக்கும்போது, அந்த இடத்தில் முதல்முறையாக "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டி வரும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தால் கோழியும் நின்றுவிடும். எல்லாம் சாப்பிடுவேன் என்று எழுதிய பெண் ஏன் திடீரென்று சாப்பிட மறுக்கிறாள், தங்கள் சமையல் பிடிக்கவில்லையா, உடம்புக்கு முடியவில்லையா என்று அந்த வீடு குழம்பிப்போகும்.

'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. முட்டை உண்டா, கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் ஆகுமா, அசைவம் வதக்கிய அதே வாணலியில் காய் வதக்கலாமா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோ மிட்டாயிலும் சேர்க்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாது. ஆம்பூர், பேர்ணாம்பட்டிலிருந்து போகும் முஸ்லிம் பிள்ளைகள் 'ஹலால்' என்று மட்டும் எழுதினாலும் இதே கதைதான். கடையில் ஹலால் கறி கிடைக்காவிட்டால் மீனும் முட்டையும் காயும் போதுமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எதைச் சாப்பிடுவேன், எதை மாட்டேன், அதில் எவ்வளவு கண்டிப்பு, அந்த நாளில் நானே என்ன செய்துகொள்வேன் என்ற நான்கும் வந்தால் வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அவளை இப்படி மாற்றி எழுதச் சொன்னேன்: "கோழி, மீன், முட்டை, பால் எல்லாம் சாப்பிடுவேன். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிட மாட்டேன். நீங்கள் என் எதிரில் சாப்பிடுவதில் எனக்குச் சங்கடம் இல்லை, தனிப் பாத்திரமும் வேண்டாம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை மூன்றும் சாப்பிடுவதில்லை. அந்த ஒரு மாதம் பருப்பும் சோறும் நானே செய்துகொள்ள முடியும், அடுப்பை மட்டும் எப்படிப் பற்ற வைப்பது என்று காட்டிக்கொடுங்கள்."

இதோடு இன்னொரு வரியும் சேர்த்தோம். நம் வீடுகளில் விருந்தாளி முதலில் "வேணாங்க" என்றுதான் சொல்வார். பரிமாறுகிறவர் விட மாட்டார், இன்னும் இரண்டு முறை கேட்டு இலையில் வைத்துவிடுவார். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாத்திரம் அடுத்தவர் பக்கம் போய்விடும். போன முதல் வாரத்தில் பசியோடு படுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் அவள் எழுதினாள்: "எங்கள் ஊர்ப் பழக்கத்தில் முதல்முறை வேண்டாம் என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். தொடக்கத்தில் மட்டும் இரண்டாவது முறை கேளுங்கள்."

அடுத்தது, விண்ணப்பப் படிவத்தில் ஒன்றும் கடிதத்தில் ஒன்றுமாக இருப்பது. படிவத்தில் விலங்குகள் பிடிக்கும் என்று குறித்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் இரண்டு பெரிய நாய்கள், வீட்டுக்குள்ளேயே வளர்கின்றன. பேசிக்கொண்டிருந்தபோதுதான், மூன்றாம் வகுப்பில் தெருநாய் கடித்து ஊசி போட்ட பிறகு நாய் என்றாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன் என்றாள். சொன்னால் இடம் போய்விடுமோ என்று வீட்டில் பயந்து மறைத்திருக்கிறார்கள். நாய் பயம், வீசிங், தினமும் போடும் மாத்திரை, ஏதாவது பொருளால் வரும் அலர்ஜி என எதை மறைத்தாலும் போன பத்தாவது நாள் தெரிந்துவிடும். அப்போது வீடு மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பிள்ளையின் மனசு எவ்வளவு பாடுபடும்!

இப்படி விட்டுப்போனதை நேராகக் கடிதத்தில் எழுதாதீர்கள். அனுப்பும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் சொல்லுங்கள், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் பேசி முடித்த பிறகு கடிதத்தில் ஒரு வரி போதும். "நாயைக் கண்டால் இன்னும் பயப்படுகிறேன், பழகிக்கொள்ள ஆசை. முதல் நாள் கதவைத் திறக்கும்போது மட்டும் அவற்றைப் பிடித்துக்கொள்வீர்களா?" என்று எழுதினாள்.

பெயர் சின்ன விஷயம் போலத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் முதல் மின்னஞ்சல் இவளை அப்பா பெயரிலேயே விளித்து வந்தது. அது அப்பாவின் பெயர், என்னை இப்படிக் கூப்பிடுங்கள் என்று கடிதத்திலேயே சொல்லி, எப்படி உச்சரிப்பது என்று அசை பிரித்து எழுதிவிட வேண்டும். பெயரில் 'ழ' இருந்தால் ஆங்கிலத்தில் இஸட், ஹெச் போட்டு எழுதுவதை அவர்கள் 'ஸ' போலத்தான் படிப்பார்கள். 'ல' என்று சொன்னால் போதும் என்று விட்டுக்கொடுப்பதா, நாக்கை மடித்துச் சொல்லக் கற்றுக்கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.

தேதியை எண்ணில் எழுதவே வேண்டாம். 05/08 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5, அவர்களுக்கு மே 8. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். வீடியோ காலுக்கு நேரம் சொன்னால் இரண்டு ஊர் நேரத்தையும் போடுங்கள். ஜூன், ஜூலையில் வேலூரில் சனிக்கிழமை இரவு 7 மணி என்றால் அயோவாவில் அன்று காலை 8:30.

ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் எழுதுகிறார்கள். அவை இணையத்தில் கிடைக்கும். உங்கள் வீடு கிடைக்காது. இவள் வீட்டு முன்னறையில் லுங்கி நெய்யும் தறி இருக்கிறது. காலையில் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பாள், தறி நின்றால் கரண்ட் போயிற்று என்று தெரியும். அதை எழுதவே இல்லை, "அதப் போயி என்னன்னு எழுதுறது" என்றாள். எழுத வைத்தேன். பிறந்ததிலிருந்து பாட்டி பக்கத்தில் படுத்துத்தான் தூங்கியிருக்கிறேன், தனி அறை எனக்குப் புதிது என்பதையும் எழுதினாள். இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் ஏன் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா? அந்த வீட்டம்மா நர்ஸ் என்பதால், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி என்று ஒரு வரி. ஊர்ப்பெருமைக்கு அது போதும்.

டிஸ்னிலேண்ட், நியூயார்க் போக ஆசை என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அயோவாவிலிருந்து இரண்டும் வெகுதூரம், செலவும் அவர்கள் தலையில் விழும். அதற்குப் பதில் அவர்கள் வீட்டைப் பற்றிக் கேள்விகள் கேட்டாள்: இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, துணி துவைப்பது அவரவரா, பள்ளிக்கு எப்படிப் போவது. அம்மாவின் கறிவேப்பிலைக் குழம்பு வைத்துத் தருகிறேன் என்ற வாக்குறுதியும் போயிற்று. பச்சைக் கறிவேப்பிலையை அங்கே விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

கடைசியாக, டியூஷன் அண்ணனைவிட்டு ஆங்கிலத்தை மெருகேற்றாதீர்கள். கடிதத்தின் ஆங்கிலத்தை நம்பி அவர்கள் வேகமாகப் பேசத் தொடங்குவார்கள். நான் பொருள் மாறும் பிழைகளை மட்டும் திருத்தி, மற்றதை அப்படியே விட்டேன்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. நான்கு நாளில் பதில் வந்தது. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்காம். கடையில் மூன்று விதப் பருப்பு இருக்கிறது, எதை வாங்கி வைக்கட்டும் என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.