தக்காளியில் கறுப்பு விழுந்தால்: அழுகலா, வெயில் சூடா, வெடிப்பா? போட்டோவை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

ராமநாதபுரம் கடலோரம், உச்சிப்புளிப் பக்கம் சித்தி வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு தக்காளிச் செடி. மழைக்காலம் முடிந்து நட்டது, மார்ச்சில் காய் பிடித்திருந்தது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில் ஒரு காய், நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாய் ஒரு குழி. படம் முழுக்க அந்தக் குழிதான். "என்னப்பா இது, அழுகுதே?" என்று கீழே ஒரு வரி. நானும் யோசிக்காமல் "பூமுனை அழுகல் சித்தி, சுண்ணாம்புச் சத்து பத்தல" என்று பதில் போட்டுவிட்டேன். சித்தி முட்டை ஓட்டை இடித்து எல்லாச் செடிக்கும் போட்டார். பத்து நாள் கழித்து இன்னும் நாலு காய் அதேபோல.

தப்பு என்னுடையதுதான். அந்தப் படத்தில் காம்பு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இந்த மூன்று கோளாறையும் பிரித்துச் சொல்வது நிறமல்ல, இடம். கறுப்பு மூன்றிலுமே வரும். அதனால் படம் எடுப்பதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: காயைப் பறிக்காமல் எடுங்கள்

பறித்துவிட்டால் எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் வெயில் பட்டது என்ற மூன்று தகவலும் போய்விடும். செடியில் தொங்கும்போதே மூன்று படம் எடுங்கள். முதலாவது, இரண்டடி தள்ளி நின்று, காயும் அதைச் சுற்றிய இலைகளும் தெரிய. இரண்டாவது, ஒரு சாண் தூரத்தில் பக்கவாட்டில், காம்பும் அதன் பச்சைத் தொப்பியும் கண்டிப்பாகப் படத்துக்குள் வர. மூன்றாவது, போனைக் காய்க்குக் கீழே கொண்டுபோய் அண்ணாந்து. அடியில் பூ உதிர்ந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும், அது தெரிய வேண்டும்.

மதிய வெயிலில் எடுத்தால் காயின் தோல் பளபளத்து, அந்த வெள்ளைப் பளபளப்பே வெயில் சூடு மாதிரி ஏமாற்றும். உங்கள் நிழல் காய்மேல் விழும்படி நின்றுகொள்ளுங்கள், பிளாஷ் வேண்டாம். நம் கடலோரத்தில் இன்னொன்று: உப்புக் காற்றில் கேமரா கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்திருக்கும். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுத்தால் ஓரங்கள் தெளிவாக விழும். ஓரம் தெளியாத படத்தில் எதையும் சொல்ல முடியாது.

படி 2: தழும்பைத் தேடுங்கள்

படத்தில் முதலில் கறுப்பைப் பார்க்காதீர்கள். காம்பைப் பாருங்கள், பிறகு அதற்கு நேர் எதிரில் இருக்கும் பூத் தழும்பைப் பாருங்கள். கறை அந்தத் தழும்பிலோ அதை ஒட்டியோ இருந்தால் பூமுனை அழுகல். ஆரம்பத்தில் வெந்நீர் பட்டதுபோல நீர்கோத்த ஒரு வட்டம். பிறகு பழுப்பு, அப்புறம் கறுப்பு. தட்டையாய் அமுங்கி, பழைய செருப்புத் தோல் மாதிரி காய்ந்திருக்கும். காய் பாதி வளர்ச்சியில் பச்சையாக இருக்கும்போதே இது வரும், அதுவும் முதல் ஈட்டுக் காய்களில், நீள ரகங்களில் அதிகம்.

கறை காம்புக்குப் பக்கத்துத் தோளிலோ விலாவிலோ, அதுவும் வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் இருந்தால் வெயில் சூடு. தொடக்கத்தில் அது கறுப்பே அல்ல. வெளிறிய மஞ்சள், பிறகு வெள்ளை. தோல் மெலிந்து அப்பளக் கொப்புளம் போலச் சுருங்கும். பழம் சிவந்தாலும் அந்தத் திட்டு மட்டும் சிவக்காது.

வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கதிர்போல ஓடும், அல்லது காம்பைச் சுற்றி வளையமாக விழும். பழுக்கத் தொடங்கிய காயில், மண் காய்ந்து கிடந்த பிறகு மழையோ அதிகத் தண்ணீரோ கிடைத்த ஓரிரு நாளில் வரும்.

படி 3: கறுப்பின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். வெயில் சூடு பட்ட செத்த தோலில் கரும்பூசணம் ஏறிக்கொள்ளும். அப்போது தூரத்துப் பார்வைக்கு அச்சு அசல் பூமுனை அழுகல்தான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள். கறுப்பைச் சுற்றிக் காகிதம் போல வெளுத்த ஒரு கரை இருந்து, கறுப்பே வெல்வெட் துணிபோல மங்கலாக இருந்தால் வெயில் சூட்டின் மேல் வந்த பூசணம். பூமுனை அழுகலில் கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே வெளுத்த கரை இருக்காது. ஆனால் அதன் மேலும் பின்னால் பூசணம் வரலாம். ஆக, ஓரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், இடத்தோடு சேர்த்துப் பாருங்கள். பறித்த காயின் கறுப்பு மட்டும் தெரியும் ஒற்றைப் படம் வந்தால், "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்பதே சரியான பதில்.

சித்தி வீட்டில் நடந்தது

மறுபடி மூன்று படம் கேட்டேன். பக்கவாட்டுப் படத்தில் கறுப்பு காம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, மேற்குத் தோளில் இருந்தது. பெரிதாக்கினால் வெளுத்த கரை. தூரத்துப் படத்தில் காய்க்கொத்துக்கு மேலே இலையே இல்லை. கேட்டால், "காத்தோட்டமா இருக்கட்டும்னு கழிச்சு விட்டேன்" என்றார். அதே கொத்தின் கிழக்குப் பக்கக் காய்கள் மாசு மருவில்லாமல் இருந்தன. முட்டை ஓட்டுக்கு இங்கே வேலையே இல்லை. மேற்குப் பக்கம் பழைய தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டச் சொன்னேன், இலை கழிப்பதை நிறுத்தச் சொன்னேன்.

வேடிக்கை என்னவென்றால், வேலியோரம் இருந்த நீளத் தக்காளிச் செடியின் அடிப்படத்தில் உண்மையான பூமுனை அழுகல் இருந்தது. தழும்பைச் சுற்றி நீர்கோத்த வட்டம், இன்னும் கறுக்கவில்லை. அதற்கும் முட்டை ஓடு உடனடி மருந்தல்ல. கடலோர மணலில் சிப்பித் துகள் கலந்திருப்பதால் பெரும்பாலும் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. அது காய்க்குப் போய்ச் சேர்வதுதான் பிரச்சினை. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் ஏறும். காற்றில் இலைகள் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், காயின் நுனிக்குக் கடைசியாகத்தான் கிடைக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வேர் உறிஞ்சவே திணறும். மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் இரண்டு நாள் விட்டு ஊற்றினால் இன்னும் மோசம். இலையில் சுண்ணாம்புச் சத்தைத் தெளித்தாலும் அது இலையிலிருந்து காய்க்கு இறங்காது.

சித்தி ஒருநாள் விட்டு ஒருநாள் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அதே தண்ணீரைத் தினமும் காலை, மாலை எனப் பிரித்து ஊற்றச் சொன்னேன். தூரில் நாலு விரல் கனத்துக்குத் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினோம். தொட்டியில் மழைத் தண்ணீர் மிச்சமிருந்தது, அதைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து அந்த வரிசைக்கு மட்டும் விட்டோம். யூரியாவை நிறுத்தினோம். கறுத்த காய் திரும்பாது, அதைக் கிள்ளிப் போட்டாயிற்று. பலன் தெரிய அடுத்த பூவில் பிடிக்கும் காயைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த கொத்தில் ஏழு காயில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சின்ன வட்டம் இருந்தது.

வெடிப்பு ஏப்ரலில் வந்தது, ஒரு கோடை மழைக்கு மறுநாள். சித்தி இந்த முறை மூன்று படமும் தானாகவே அனுப்பியிருந்தார், காம்பு தெரிய. நிறம் மாறத் தொடங்கிய காய்களை மழை மேகம் பார்த்ததுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்திருந்தால் தப்பித்திருக்கும் என்று எழுதினேன். "வெடிச்சதெல்லாம் அன்னைக்கே ரசத்துக்குப் போயிருச்சு" என்று பதில் வந்தது.