சிடி ஸ்கேனுக்கு காண்ட்ராஸ்ட் ஊசி: சிறுநீரகம் பலவீனமான, முன்பு அலர்ஜி வந்த புற்றுநோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிடி ஸ்கேனின்போது கை நரம்பில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது. ரத்தம் போகும் இடமெல்லாம் அது போவதால், கல்லீரலில் பரவியிருக்கும் சின்னக் கட்டிகளும், ரத்தக் குழாயை ஒட்டி வளர்ந்த நிணநீர் முடிச்சுகளும் படத்தில் தனியாகத் தெரியும். ஊசி இல்லாமல் எடுத்த வயிற்று சிடியில் இவற்றில் பல கண்ணுக்கே தப்பிவிடும். அதனால் “கிட்னி கொஞ்சம் வீக், ஊசி வேண்டாம்” என்று சொல்லி ஒதுங்குவது பாதுகாப்பான முடிவு போலத் தெரிந்தாலும், கீமோ வேலை செய்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காமல் போகலாம். எதையும் பார்க்காமல் ஊசி போடுவது எவ்வளவு தவறோ, எதையும் பார்க்காமல் மறுப்பதும் அவ்வளவு தவறு.

ஒருவரின் நிலையை வைத்தே பார்ப்போம். வயது 68. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் கீமோவும் நடக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.4. முந்தைய சிடி முடிந்து பத்து நிமிடத்தில் உடம்பில் தடிப்பு வந்து, அலர்ஜிக்கான அவில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்போது கோப்பில் எழுதியது “காண்ட்ராஸ்ட் அலர்ஜி” என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

கிரியேட்டினினை மட்டும் பார்ப்பது

1.4 என்றால் “கொஞ்சம்தான் அதிகம்” என்று தோன்றும். ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதும் பாலினமும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குதான் இஜிஎஃப்ஆர். இப்போது பரவலாகப் பயன்படும் 2021 சூத்திரத்தில் போட்டால், 68 வயது ஆணுக்கு 1.4 என்பது சுமார் 55. அதே வயதுப் பெண்ணுக்கு சுமார் 41. ஒரே கிரியேட்டினின், ஆனால் இருவரின் நிலை வேறு.

புற்றுநோயாளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சாப்பிட முடியாமல் ஆறு மாதத்தில் கை கால் மெலிந்துபோனவருக்கு அது இயல்பாகவே குறைந்துவிடும். ரிப்போர்ட் 0.9 என்று சொல்லும், சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இருக்காது. மிகவும் மெலிந்தவர் விஷயத்தில் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. ஸ்டீராய்டும் தைராய்டு கோளாறும் அந்த எண்ணையும் மாற்றும் என்பதால், அதையும் தனியாக வைத்து முடிவெடுக்க முடியாது.

இஜிஎஃப்ஆர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும்? அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பும் அந்நாட்டின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் 2020ல் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாடு தெளிவாக இருக்கிறது. நரம்பில் போடும் காண்ட்ராஸ்டால் சிறுநீரகம் கெடும் அபாயத்தை முன்பெல்லாம் மிகைப்படுத்திவிட்டோம் என்கிறார்கள். இஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருந்தால் பயம் ஏறக்குறைய இல்லை. 30க்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தாலோ, முன்னெச்சரிக்கையாக நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். 30 முதல் 44 வரை இருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு. இந்த அம்மா அந்த நடுப்பகுதியில் இருக்கிறார்.

பழைய ரிப்போர்ட்டை நம்புவது

41 என்ற எண் எந்தத் தேதியில் எடுத்தது? பலரும் விட்டுவிடும் கேள்வி இது. இந்த அம்மாவின் ரிப்போர்ட் மூன்று வாரம் பழசு. அதற்குப் பிறகு சிஸ்பிளாட்டின் ஏறியிருக்கிறது. அது சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும் மருந்து. ரேடியேஷனால் வயிற்றுப்போக்கு, கீமோவால் வாந்தி, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தாலே சில நாளில் நிலைமை தலைகீழாக மாறும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு. ஸ்கேனுக்கு ஓரிரு நாள் முன்பு புதிதாக ரத்தம் எடுத்தாக வேண்டும்.

எடுத்தார்கள். கிரியேட்டினின் 2.3, இஜிஎஃப்ஆர் சுமார் 23. கிரியேட்டினின் ஏறிக்கொண்டே இருக்கும்போது இந்தக் கணக்கு உண்மை நிலையைவிட நல்லதாகவே காட்டும், ஆகவே 23 கூட அதிகமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் “சரி, ஊசி இல்லாமல் எடுத்துவிடலாம்” என்று நகர்ந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஏன் ஏறியது என்று கேட்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் கட்டி இரண்டு பக்கச் சிறுநீர்க் குழாயையும் நெருக்கி அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தால் சிறுநீரகம் வீங்கியிருப்பது உடனே தெரிந்துவிடும், அதற்கு எந்த ஊசியும் வேண்டாம். இவருக்கு அதுதான் இருந்தது. முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் வைத்து அடைப்பை விடுவித்தார்கள், டைக்ளோஃபினாக்கை நிறுத்தினார்கள். பத்து நாளில் கிரியேட்டினின் 1.3, இஜிஎஃப்ஆர் 45. அடைப்பைப் பார்க்காமல் காண்ட்ராஸ்டை மட்டும் தள்ளிவைத்திருந்தால் சிறுநீரகம் தானாகவே போயிருக்கும்.

தண்ணீர் குடிக்காமல் வருவது

“வெறும் வயிற்றில் வாங்க” என்று சொன்னால், நம் வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். ஸ்கேன் தள்ளிப்போய் மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நடக்கும். பதினாறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வறண்ட சிறுநீரகத்துக்குத்தான் காண்ட்ராஸ்ட் போகிறது. இன்றைய காண்ட்ராஸ்ட் மருந்துகளுக்கு நீண்ட பட்டினி தேவையில்லை என்பதே சர்வதேச வழிகாட்டுதல். உங்கள் சென்டரில் உணவை நிறுத்தச் சொன்னாலும், தண்ணீர் குடிக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தைக் காக்க சிலர் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையை நம்புகிறார்கள். 2018ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ரத்தக்குழாய் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களுக்கு அது எந்தப் பயனும் தரவில்லை. முன்னெச்சரிக்கை தேவைப்படுபவர்களுக்குப் பரிந்துரைப்பது சலைன்தான்.

மெட்ஃபார்மினை எல்லோரும் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டியதில்லை. காண்ட்ராஸ்ட் அந்த மாத்திரையோடு சேர்ந்து விஷமாவதில்லை. சிறுநீரகம் கெட்டால் மாத்திரை உடம்பில் தேங்கும் என்பதுதான் பயம். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தாலோ, திடீர் பாதிப்பு இருந்தாலோ, ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியேட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்குவது வழக்கம். இதைச் சொந்தமாக முடிவு செய்து சர்க்கரையை ஏறவிடாதீர்கள்.

“அலர்ஜி” என்று மட்டும் எழுதுவது

இந்த அம்மாவின் கோப்பில் இருந்த இரண்டு சொற்கள் யாருக்கும் உதவாது. என்ன வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த மருந்து போட்டார்கள், எதற்கு அடங்கியது என்ற நாலும் தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். உடம்பு முழுக்கச் சூடு பரவுவது, வாயில் உலோகச் சுவை, லேசான குமட்டல் இவையெல்லாம் அலர்ஜி இல்லை. கை வீங்கியது என்றால் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்திருக்கலாம். தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குதல், தொண்டை அடைத்தல், மூச்சில் விசில் சத்தம், ரத்த அழுத்தம் சரிதல் இவைதான் அலர்ஜி வகை. இவற்றுக்குள்ளும் சில தடிப்புகளோடு நின்றதற்கும், மயங்கி விழுந்து அட்ரினலின் போட்டதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மீனோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவருக்கும், பெட்டாடின் தடவினால் அரிப்பவருக்கும் காண்ட்ராஸ்டே ஆகாது என்று சொல்வது தவறு. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல.

காண்ட்ராஸ்ட் மருந்தின் பெயர் ஏன் முக்கியம்? ஐயோஹெக்ஸால், ஐயோப்ரோமைட், ஐயோபமிடால், ஐயோடிக்ஸனால் என்று பல இருக்கின்றன. ஒன்றுக்கு லேசான தடிப்பு வந்தவருக்கு அடுத்த முறை வேறொன்றைக் கொடுப்பதுதான் அண்மை வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது. ஐயோஹெக்ஸாலும் ஐயோடிக்ஸனாலும் வேதி அமைப்பில் நெருங்கிய உறவு, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுப்பது நல்ல மாற்று இல்லை. பழைய பெயர் தெரியாவிட்டால் எதை மாற்றுவது? எடுத்த சென்டரில் கேட்டால் பதிவேட்டில் இருக்கும். இந்த அம்மாவுக்கு முன்பு போட்டது ஐயோஹெக்ஸால் என்று அப்படித்தான் தெரிந்தது. இந்த முறை ஐயோபமிடால் கொடுத்தார்கள்.

அலர்ஜி திரும்பாமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் ஸ்டீராய்டு விஷயத்தில் நேரம்தான் எல்லாம். ஸ்கேன் மேசையில் படுத்தபின் “ஒரு எஃப்கார்லின், ஒரு அவில் போட்டாச்சு” என்றால் அது ஆறுதலுக்கு மட்டும். ஸ்டீராய்டு வேலை செய்யக் குறைந்தது நாலைந்து மணி நேரம் வேண்டும். திட்டமிட்ட ஸ்கேனுக்கு வழக்கமான முறை, பிரெட்னிசோலோன் 50 மில்லிகிராம் மூன்று வேளை: 13 மணி நேரம், 7 மணி நேரம், 1 மணி நேரம் முன்பு. காலை பத்து மணி ஸ்கேன் என்றால் இரவு ஒன்பது, விடிகாலை மூன்று, காலை ஒன்பது. கடைசி வேளையோடு அலர்ஜி மாத்திரை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இது. மூன்று மணிக்கு அலாரம் வைக்காமல் தூங்கிவிட்டால் சென்டரில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கீமோவுக்காக நேற்றுப் போட்ட டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டை இதற்கான மருந்தாக நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள், சேர்க்கலாமா என்பதை ஸ்கேன் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இந்த மாத்திரைகளால் சர்க்கரை எகிறும்.

இவ்வளவும் செய்த பிறகும் அலர்ஜி திரும்பி வரலாம். முன்பு மூச்சடைத்து உயிர் போகும் நிலை வந்தவருக்கு, முதல் கேள்வி வேறு ஸ்கேன் போதுமா என்பதாக இருக்க வேண்டும். நுரையீரலில் பரவலைப் பார்க்க ஊசியில்லாத சிடியே பெரும்பாலும் போதும். கல்லீரலுக்கும் இடுப்புக்கும் எம்ஆர்ஐ நல்லது. அதில் போடும் கடோலினியம் வேறு வகை மருந்து, அதன் புதிய வகைகளைச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கிறார்கள். வேறு வழியே இல்லையென்றால் மருந்தை மாற்றி, ஸ்டீராய்டும் கொடுத்து, அவசர சிகிச்சைக் குழு உள்ள மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும், தெருமுனை ஸ்கேன் சென்டரில் அல்ல.

பெட் ஸ்கேனில் இந்தத் தொல்லையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை வேறுதான். ஆனால் பல சென்டர்களில் பெட் ஸ்கேனோடு சேர்த்து காண்ட்ராஸ்ட் சிடியும் எடுப்பார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடும் முன் “இதில் அயோடின் காண்ட்ராஸ்ட் உண்டா?” என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்த பிறகு

தடிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில் வரும், அதுவரை சென்டரை விட்டுக் கிளம்பாதீர்கள். சிலருக்கு ஒரு மணி நேரம் முதல் ஒரு வாரம் வரை தாமதமாகவும் தோல் சிவந்து அரிக்கும். தோல் கொப்புளித்து உரிந்தாலோ, வாயில் புண் வந்து காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இஜிஎஃப்ஆர் குறைவாக இருந்தவர்கள் இரண்டு, மூன்று நாள் கழித்து மீண்டும் கிரியேட்டினின் எடுக்க வேண்டும். 0.3 ஏறியிருந்தால்கூட, அடுத்த சிஸ்பிளாட்டினுக்கு முன் புற்றுநோய் மருத்துவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவர்கள் காண்ட்ராஸ்டை வெளியேற்றவென்று அவசரமாகக் கூடுதல் டயாலிசிஸ் செய்துகொள்ளத் தேவையில்லை, வழக்கமான நாளில் செய்தால் போதும்.