"பணம் வரலை" என்று மட்டும் எழுதாதீர்கள்: ரிட்டர்ன் புகாரைத் திருத்தி எழுதும் முறை

கோத்தகிரியில் எங்கள் எதிர் வீட்டு அக்கா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். டிசம்பரில் மகனுக்கு ஆன்லைனில் ஒரு ஜெர்கின் வாங்கினார், விலை 1,899 ரூபாய். எல் சைஸ் கேட்டதற்கு எஸ் சைஸ் வந்தது. திருப்பி அனுப்பி ஒரு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் போனை என் கையில் கொடுத்து, "தம்பி, நாலு தடவை எழுதிட்டேன். நாலு தடவையும் ஒரே பதில்தான் வருது. நீ பார்த்து எழுதிக் கொடேன்" என்றார்.

அவர் எழுதியிருந்தது இது:

"சார் நான் டிசம்பர்ல ஜெர்கின் வாங்கினேன் சைஸ் தப்பா அனுப்பிட்டீங்க. லீவு போட்டு தபால் ஆபீஸ்ல நின்னு என் காசைப் போட்டு திருப்பி அனுப்பினேன். இன்னும் பணம் வரலை. இந்தக் குளிர்ல புள்ளை ஜெர்கின் இல்லாம போறான். போன தடவை வாங்கின குக்கர்லயும் கைப்பிடி லூசு. உங்களை மாதிரி ஏமாத்துற ஆளுங்களைப் பார்த்ததில்லை. ரெண்டு நாள்ல பணம் வரலைன்னா போலீசுக்குப் போவேன், ஃபேஸ்புக்லயும் போடுவேன்."

வந்த பதில்: "பொருள் எங்களிடம் வந்து சேர்ந்த 5 முதல் 7 வேலை நாட்களுக்குள் பணம் திரும்பச் செலுத்தப்படும்."

அக்கா எழுதியதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர் எந்த ஆர்டரைத் திறந்து பார்க்க வேண்டும், எந்தப் பார்சலைத் தேட வேண்டும் என்பது அதில் இல்லை. "பணம் வரலை" என்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே எழுதி வைத்த பதில் இருக்கிறது. அந்தப் பதிலைப் போட முடியாதபடி ஒரு புகாரை எழுதுவதுதான் நம் வேலை.

முதலில், எழுதாதீர்கள். எங்கே நின்றது என்று பாருங்கள்

ரிட்டர்ன் பணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும். பொருள் அவர்களுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்தும் அவர்கள் கணக்கில் ஏறாமல் இருக்கலாம். அல்லது அவர்கள் பணத்தை அனுப்பிவிட்டிருப்பார்கள், நம் கண்ணில்தான் படாமல் இருக்கும். மூன்றுக்கும் எழுத வேண்டிய புகார் வேறு வேறு.

ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்தேன். `Return Initiated` என்று நின்றது. அதாவது ரிட்டர்ன் கேட்டதோடு சரி, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்றே அவர்கள் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது.

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அங்கே கூரியர் ஆள் வீட்டுக்கே வந்து பொருளை வாங்கிக்கொண்டு போவார். அவர் ஸ்கேன் செய்ததுமே ஆப்பில் நிலை மாறிவிடும். மலையில் பல பின்கோடுகளுக்கு, டெலிவரி உண்டு, திரும்ப எடுக்க ஆள் வருவதில்லை. "நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு முகவரி கொடுப்பார்கள். நாம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புவோம். அப்படி அனுப்பியது ஆப்புக்குத் தானாகத் தெரியாது. டிராக்கிங் எண்ணை நாம் ஆப்பில் பதிய வேண்டும், பார்சலுக்குள் ரிட்டர்ன் எண்ணை எழுதி வைக்க வேண்டும். அக்கா இரண்டையும் செய்யவில்லை. செய்யச் சொல்லி வந்த மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது, அவர் திறக்கவே இல்லை.

ரசீதில் இருந்த எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 13 கோத்தகிரியில் பதிவு, டிசம்பர் 19 டெலிவரி. ஆக, ஜெர்கின் அவர்கள் குடோனில்தான் இருக்கிறது. யாருடையது என்று தெரியாமல் ஒரு மூலையில் கிடக்கிறது.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்டர் எண், ரிட்டர்ன் எண், ஸ்பீட் போஸ்ட் எண். மூன்றாவதில்தான் தப்பு வரும். அது 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. பூஜ்யமா ஓ எழுத்தா என்று குழம்பாதீர்கள், நடுவில் வருவது இலக்கம் மட்டும்தான். "டெலிவரி ஆனது" என்று காட்டும் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த விவரம் தளத்தில் நிரந்தரமாக இருக்காது. தபால் ரசீதையும் படம் எடுங்கள், எழுத்து மங்கிவிடும்.

எந்த வரிகளை அடிப்பது

குக்கர் பற்றிய வரியை அடித்தேன். அது வேறு ஆர்டர், வேறு புகார். ஒரே கடிதத்தில் இரண்டு குறை இருந்தால் எளிதானதற்குப் பதில் சொல்லி மொத்தப் புகாரையும் முடித்துவிடுவார்கள். குளிரையும் லீவையும் அடித்தேன். அக்காவுக்கு அதில் வருத்தம்தான். "நான் பட்ட கஷ்டம் தெரிய வேண்டாமா?" என்றார். தெரிந்தாலும் அந்தப் பக்கம் இருப்பவர் அதை எந்தக் கட்டத்தில் போடுவார்?

ஏமாற்றுகிறார்கள் என்ற வரியும் போலீஸும் போனது. டீக்கடையில் யாரோ சொன்னார்கள் என்று, ஒரு நாளைக்கு 100 ரூபாய் ரிசர்வ் வங்கி அபராதம் உண்டு, அதையும் சேர்க்கச் சொன்னார். அந்த விதி நடுவில் தோல்வியடைந்த பணப் பரிமாற்றத்துக்கு. அதாவது நம் கணக்கில் பணம் போய், எதிர்ப்பக்கம் சேராமல் போனால். ஜெர்கினுக்குக் கொடுத்த பணம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது, ரிட்டர்ன் பணத்துக்கு அந்த விதி பொருந்தாது. பொருந்தாத ஒரு விதியை எழுதினால் பொருந்துகிற விதியையும் அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

திருத்தி எழுதியது

கடிதத்தின் தலைப்பு வரியில்: "ஆர்டர் எண் ______ – திருப்பிய பொருள் டிசம்பர் 19 அன்று உங்களிடம் சேர்ந்தது – ரூ.1,899 வரவில்லை."

அதன் கீழே:

"ஆர்டர் எண் ______இல் எல் சைஸ் ஜெர்கின் கேட்டேன், எஸ் சைஸ் வந்தது. டிசம்பர் 11 அன்று ரிட்டர்னை ஏற்றுக்கொண்டீர்கள் (ரிட்டர்ன் எண் ______). எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கும் வசதி இல்லாததால், நீங்கள் கொடுத்த முகவரிக்கு டிசம்பர் 13 அன்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். எண் ______.

அந்தப் பார்சல் டிசம்பர் 19 அன்று டெலிவரி ஆகியுள்ளது. ஆதாரம் இணைப்பில். ரிட்டர்ன் எண்ணை பார்சலுக்குள் வைக்கவும், டிராக்கிங் எண்ணை ஆப்பில் பதியவும் தவறிவிட்டேன். அதனால் ஆப்பில் இன்னும் `Return Initiated` என்றே உள்ளது.

இந்த ஸ்பீட் போஸ்ட் எண்ணை மேற்கண்ட ரிட்டர்னுடன் இணைத்து, ரூ.1,899ஐ நான் பணம் செலுத்திய கணக்குக்கே அனுப்பவும். தபால் கட்டணம் ரூ.142ஐயும் சேர்க்கவும், ரசீது இணைப்பில். கூப்பன் வேண்டாம். அனுப்பிய தேதியையும் பரிமாற்ற எண்ணையும் தெரிவிக்கவும்."

"தவறிவிட்டேன் என்று நாமே எழுதலாமா, அதையே பிடிச்சுக்க மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டார். எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பார்சல் ஏன் காணவில்லை என்பதற்கு அந்த வரிதான் விடை. அது இல்லாவிட்டால் திரும்பவும் "பொருள் வந்து சேர்ந்த 5 முதல் 7 நாள்" என்றே வரும். நம் தவறைச் சொன்னதால் பணம் திரும்பப் பெறும் உரிமை போய்விடாது, பொருள்தான் அவர்கள் கையில் இருக்கிறதே.

எங்கே அனுப்புவது

சாட் பெட்டியில் போட்டால் அது காற்றோடு போகும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் `Grievance Officer` என்று தேடுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் இதை மிரட்டலாக இல்லாமல் ஒரே வரியில் சேர்த்தேன்: "மின்வணிக விதிகள் 2020இன்படி புகார் பெற்றதை உறுதிசெய்து புகார் எண் தரவும்."

முகவரியைத் தளத்திலிருந்தோ ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" தேடிக் கிடைக்கும் எண்ணில் மோசடிக்காரர்கள் இருப்பார்கள். ரீஃபண்ட் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் அது பணத்தை எடுக்கத்தான்.

ஒரு மாதம் தாண்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு ஊட்டி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை.

பணம் அனுப்பிவிட்டோம் என்றால்

ஐந்தாம் நாள் பதில் வந்தது: "ரூ.1,899 அனுப்பப்பட்டது." அக்கா மூன்று நாள் பேலன்ஸ் பார்த்தார், இல்லை. "பார்த்தியா, பொய் சொல்றாங்க" என்று மறுபடி கோபம். ஆனால் இப்போது நிற்பது மூன்றாவது இடத்தில், புகாரும் மாற வேண்டும். இரண்டே வரி எழுதினோம்: "அனுப்பியதாகச் சொன்ன ரூ.1,899 கணக்கில் தெரியவில்லை. யூபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணைத் தரவும்."

கார்டில் கட்டியிருந்தால் இதற்குப் பதில் 23 இலக்க ஏஆர்என் கேட்க வேண்டும். இந்த எண் கையில் இருந்தால் வங்கியில் தேடச் சொல்லலாம். எண் இல்லாமல் போனால் "விற்றவரைக் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

எண் வந்தது. அதைக் கொண்டு தேடியபோது பணம் ஏற்கெனவே வந்திருந்தது, வேறு கணக்குக்கு. அக்காவின் யூபிஐ ஆப்பில் இரண்டு வங்கிக் கணக்குகள். ஜெர்கினுக்குப் பணம் போனது, சம்பளம் வராத பழைய கணக்கிலிருந்து. ரீஃபண்ட் எங்கிருந்து எடுத்ததோ அங்கேயேதான் திரும்பும். அந்தக் கணக்குக்கு எஸ்எம்எஸ் வரும் சிம் கார்டு அலமாரியில் கிடந்தது.

தபால் கட்டணம் 142 ரூபாய்க்கு மட்டும் கூப்பன் போட்டிருந்தார்கள். அதற்கு இன்னொரு வரி அனுப்பியிருக்கிறோம்: "கூப்பன் வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியுள்ளேன். ரூ.142ஐ அதே கணக்குக்கு அனுப்பி எண்ணைத் தெரிவிக்கவும்."